ஒற்றை எழுத்துப் பதில்

பம்பாய் மாட்டுங்காவில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். மாட்டுங்காவில் யாருக்குத் தமிழ் தெரியாது என்பார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்கள். தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்ட பஞ்சாபிப் பெண், சென்னைக்கு மாற்றலாகப்போகும் குஜராத்தி அதிகாரி, இப்படி. இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்தால் வம்புக்குப் போவேன் என்று பயந்து ஆரம்பித்த வேலை இது.

என் தமிழைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். நான் பிறந்ததே இந்த ஊரில்தான். ஆனாலும் வீட்டில் ஹிந்தி கலக்காமல் பேசுகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அது சுத்தப் பொய். காய்கறியை நாங்கள் பாஜி என்றுதான் சொல்கிறோம்.

என்னிடம் படிக்க வந்த அந்த மராத்திப் பெண் செம்பூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்ப்பவள். அவள் கணவன் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவன் அவளிடம் ஹிந்தியில்தான் பேசுவான். மாமனார் மாமியார் ஊரோடு இருப்பதால் தமிழ் இல்லாமலே அவள் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மழைக்காலத்தில் கணவனின் தங்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், சயானில் ஒரு கல்லூரியில் சேர்ந்து இவர்கள் வீட்டிலேயே தங்க வந்தாள். அதற்கு முன்பு அந்தப் பெண் மதுரையைத் தாண்டியதில்லை. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது.

"அவ கூட பேசணும் டீச்சர். அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் முதல் நாளே, ஹிந்தியில். இவ்வளவு தெளிவாகக் காரணம் சொன்னவர்கள் குறைவு. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நன்றாகவே படித்தாள். மராத்திக்காரர்களுக்கு ‘ள’ சுலபமாக வரும். ‘ழ’வுக்கு மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தாள். வாக்கியங்கள் பழகியதும் வீட்டில் போய்ப் பேசிப் பார் என்று அனுப்பினேன். மறுவாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். மாலையில் கல்லூரியிலிருந்து வந்த நாத்தனாரைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடி "சாப்ட்டாச்சோ? ஒக்காந்துக்கோயேன்" என்றிருக்கிறாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"‘மதினி, நீங்க ஐயர் வீட்டு மாமி மாதிரி பேசுதிய’ன்னு சொன்னா."

தப்பு முழுக்க என்னுடையது. திருநெல்வேலிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு மாட்டுங்கா சமையலறைத் தமிழை ஊட்டிவிட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான், வேறு எதைச் சொல்லிக்கொடுப்பேன்? ஆனால் அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் தன்னிடம் சிரித்தது அதுதான் முதல் முறை என்றாள். ‘மதினி’ என்ற சொல்லும் அவளுக்குப் பிடித்திருந்தது. மராத்தியில் அண்ணன் மனைவி வஹினி. மதினி, வஹினி என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டு ‘மன்னி’யை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பிரச்சினை பேச்சில் இல்லை, போனில் இருந்தது. ஒரே வீட்டில் இருந்தாலும் இருவரும் பார்த்துக்கொள்வது கொஞ்ச நேரம்தான். கிளினிக்கிலிருந்து மதியம் இவள் வாட்ஸாப்பில் கேட்பாள். நான் சொன்னபடி ஆங்கில எழுத்தில், முழு முழு வார்த்தையாக, கடைசியில் முற்றுப்புள்ளி வைத்து: சாப்பிட்டாயா. மழை பெய்கிறதே குடை எடுத்துக்கொண்டாயா. இப்படி.

அதற்கு வந்த பதில்களைக் காட்டினாள். ஒரு இடத்தில் "s". இன்னொரு இடத்தில் "mm". அப்புறம் "thrla", "aprm", "vdunga".

"ஒத்த எழுத்துல பதில் சொல்றது என்னடி மரியாதை?" என்று எனக்குக் கோபம் வந்தது. "பெரியவா ஒரு பேச்சு கேட்டா ஒழுங்கா பதில் சொல்லத் தெரியாதா அந்தப் பொண்ணுக்கு? எஸ்ஸாம்."

"அது யெஸ்ஸா டீச்சர்?"

"யெஸ்தான். அதைக்கூட முழுசா எழுத முடியல பாரு."

"மத்ததெல்லாம் என்ன?" என்று மட்டும் கேட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். thrla. எனக்குத் தெரியவில்லை. தமிழ் டீச்சருக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்து அனுப்பிவைத்தேன்.

எங்கள் கட்டிடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். லிஃப்டுக்குக் காத்திருந்த இரண்டு பேரிடம் அந்தச் சொல்லைக் காட்டினேன். "ஆன்ட்டி, யே தோ சென்னைவாலா தமிழ் ஹை, ஹம்கோ நஹி ஆதா" என்று கைவிரித்துவிட்டார்கள். அது சென்னைத் தமிழ், அவர்களுக்கு வராதாம். அவர்களுக்கு அம்மா சமையலறையில் திட்டும் தமிழ் புரியும், அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் யூடியூபில் தமிழ் வீடியோக்களுக்குக் கீழே பிள்ளைகள் எழுதும் கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். வீடியோவை விட்டுவிட்டு நேரே கீழே போய்விடுவேன். முதலில் கண் கூசியது. பிறகு ஒரு நாள் காலை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது, அந்த thrla-வை வாய்விட்டு, வேகமாக, எழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லிப் பார்த்தேன். தெர்ல. தெரியல.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். aprm, அப்றம். vdunga, விடுங்க. கண்ணால் படித்தால் ஒன்றும் இல்லை; வாயால் படித்தால் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண் எழுத்தைத் தின்றுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வாய் எதைத் தின்றதோ அதைத்தான் எழுதாமல் விட்டிருக்கிறாள். ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு ‘தெர்ல’ என்று பேசுகிற நாம்தான் இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம். அவளுக்கு ஒரே கணக்கு.

அதிலிருந்து எங்கள் வகுப்பின் நிறமே மாறிப்போனது. அவள் கொண்டுவருவாள், இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படிப்போம். ila என்றால் இல்ல, ena என்றால் என்ன. பெரும்பாலும் இரட்டித்து எழுத மாட்டார்கள். ஒரே l-ஐ வைத்துக்கொண்டு ல, ள இரண்டையும் ஓட்டிவிடுகிறார்கள், சில பேர் ழவையும் சேர்த்து. எது என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். k என்றால் சரி, ஆனால் கொஞ்சம் விறைப்பான சரி. kk என்றால் சாதாரண சரி. okkk என்று இழுத்தால் மனசு சரியாக இருக்கிறது. mm என்பது நாம் ‘ம்ம்’ கொட்டுவது. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மொக்கை என்றால் சலிப்பு. காண்டு என்றால் எரிச்சல். அதைப் படித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஹிந்தியில் அது ஆகாத வார்த்தை. பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி டா போட்டுக்கொள்கிறார்கள். மண்டையோட்டுப் படம் ஒன்றைப் பார்த்து நான் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறினேன். சிரித்தே செத்தேன் என்பதற்குத்தான் அது.

புள்ளியின் கதையை அவள் கணவன் சொல்லித்தான் தெரிந்தது. "மதினிக்கு என் மேல என்னமும் கோவமா?" என்று தங்கை அவனிடம் கேட்டிருக்கிறாள். ஏன் என்றால், ஒவ்வொரு மெசேஜும் புள்ளி வைத்து முடிகிறதாம். அந்தப் பிள்ளைகளுக்கு முற்றுப்புள்ளி என்பது கதவைச் சாத்துகிற மாதிரி. அவன் சிரித்துவிட்டு மனைவியிடம் சொன்னான். மனைவி சிரிக்காமல் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நான் இவ்ளோ நாளா அவளைத் திட்டிக்கிட்டு இருந்தேனா?"

இவள் அவளுடைய s-ஐப் பார்த்து வருந்தியிருக்கிறாள், அவள் இவளுடைய புள்ளியைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். இருவரும் ஒரே பால்கனியில் துணி காயப்போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. புள்ளி வைக்கச் சொன்ன மகராசி நான்தான்.

புள்ளியை விட்டோம். அதற்கப்புறம் அவள் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். நாத்தனார் வாட்ஸாப்பில் போடும் ஸ்டேட்டஸ். ஒரு நாள் இருந்துவிட்டு மறைந்துபோகுமே, அது. அவற்றைத் தினமும் பார்ப்பாளாம், புரியாமல்.

முதலில் காட்டியது ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவின் படம். அடுத்தது கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்து: class la elarum sirikanga. ethuku nu thrama nanum sirikren.

"கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறா. எதுக்குன்னு தெரியாம நானும் சிரிக்கறேன்" என்று படித்தேன். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இங்கே மழைகூடத் தமிழில் பெய்யவில்லை என்கிற மாதிரி ஏதோ. அந்தப் பெண்ணுக்கு எழுதவும் வந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர்? இவர் சொல்றார், தங்கச்சி ஸ்டேட்டஸே போட மாட்டாளாம். இவர் போன்ல ஒண்ணுமே வரல. மாமியாரும் பாத்ததில்லையாம்."

எனக்கு உடனே புரிந்தது. என் தம்பி பெண்டாட்டி அதையெல்லாம் செய்கிறவள், எனக்குக் காட்டியிருக்கிறாள். யார் யார் பார்க்கக் கூடாது என்று ஆள் பார்த்து மறைத்துவைக்கலாம். மறைத்தது மறைக்கப்பட்டவருக்குத் தெரியாது. இவர் ஒன்றும் போடவில்லை போலிருக்கிறது என்று இருந்துவிடுவார். அந்தப் பெண் அண்ணன், அம்மா, சொந்தக்காரர்கள் எல்லோரையும் மறைத்துவிட்டு, இவளை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். பாசத்தினால் இல்லை. இவளுக்கு நாலு வாக்கியம்தான் தெரியும், இந்த எழுத்தையெல்லாம் படிக்கத் தெரியாது என்று நினைத்ததனால்.

லோக்கல் ரயிலில் நாங்களும் அதைத்தான் செய்வோம். லேடீஸ் டப்பாவில் எதிரே இருப்பவளின் புடவையைப் பற்றி, அவள் கண்ணெதிரே, தமிழில் பேசிச் சிரிப்போம். ஒரு தடவை தாதரில் இறங்குகிறபோது அப்படி ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லி இல்ல மாமி, சாதா பட்டுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.

இதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போ நான் அந்த ரயில் பொம்பளையா?" என்றாள். அதன் பிறகும் ஸ்டேட்டஸ்களைக் கொண்டுவந்தாள். ஆனால் திருட்டுச் சாமான் காட்டுகிற மாதிரி காட்டினாள்.

தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கையில், வகுப்பில்லாத ஒரு நாள், கிளினிக்கிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இதை நானே படிச்சிட்டேன் டீச்சர். சரியா படிச்சேனான்னு மட்டும் சொல்லுங்க."

diwali ku ooruku pona thirumba vara matten. mudivu paniten. yarkum thryathu

சரியாகத்தான் படித்திருந்தாள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வர மாட்டேன், முடிவு பண்ணிட்டேன், யாருக்கும் தெரியாது.

ஊருக்குத் திரும்பினால் அந்தப் பெண்ணுக்கு என்ன காத்திருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாமனார் அரைமனதாகத்தான் அனுப்பியிருந்தார். படிப்பு சரிப்பட்டு வரவில்லை என்று ஒரு பேச்சு வந்தால் போதும், மாப்பிள்ளை பார்க்க உட்கார்ந்துவிடுவார். பம்பாயில் படிக்கவைக்க வேண்டும் என்று கணவனிடம் மன்றாடியவளே இவள்தானாம். அதை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

"உன் ஆத்துக்காரர்கிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா அவர் கத்துவார். அவ வாயே திறக்க மாட்டா. அப்புறம் நான் எப்படிப் படிச்சேன்னு கேப்பா."

"அப்ப படிக்கலைன்னு இருந்துடு."

"அவ போயிடுவாளே டீச்சர்."

அதுதான் சிக்கல். பேசாமல் இருந்தால் நாத்தனார் போய்விடுவாள். பேசினால், இத்தனை நாள் ஒட்டுக்கேட்டவள் என்ற பெயர் வரும். அவள் இவளையும் மறைத்துவிடுவாள். தமிழ் படித்ததே அவளோடு பேசத்தான், ஆனால் படித்ததாலேயே அவள் பேசாமல் போகலாம்.

நான் என் வழக்கப்படி முந்திரிக்கொட்டையாக, ஒரு நல்ல கடிதமாக எழுதித் தருகிறேன் என்றேன். அன்புள்ள என்று ஆரம்பித்து, கல்வியின் அருமை வரை. அவள் பாதி கேட்கும்போதே தலையை ஆட்டிவிட்டாள். "புள்ளி நெறைய வருது டீச்சர்" என்றாள். பிறகு அவளே ஒன்று டைப் செய்தாள்: vdu da, semma mokka va, puriyuthu.

"வேண்டாம்" என்றேன். "அவா வீட்டு ஊஞ்சல்ல நாம ஏறி ஆடற மாதிரி இருக்கு. இதெல்லாம் நமக்கு காதுக்குத்தான். வாய்க்கு இல்லை."

அவள் அழித்தாள். அவள் மூஞ்சியைப் பார்த்தால் நான் சொன்னதை அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. வெகு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காபி ஆறிப் போனது. கடைசியில் என்னைக் கேட்காமலே எழுதி, அனுப்பிய பிறகு காட்டினாள்.

ithu nan padichuten. enaku ipo puriyum, class poren. sollama padichathu thappu, sry. un annan kita sollala. venumna enaku hide pannidu, nan kovapada matten

இதை நான் படிச்சுட்டேன். எனக்கு இப்போ புரியும், கிளாஸ் போறேன். சொல்லாம படிச்சது தப்பு, சாரி. உன் அண்ணன்கிட்ட சொல்லல. வேணும்னா எனக்கு மறைச்சிடு, நான் கோவப்பட மாட்டேன். கடைசியில் புள்ளி இல்லை. நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை கூட எழுதவில்லையே என்று கேட்டேன். அதை எழுதினால் பாக்கி எதையும் அவள் படிக்க மாட்டாள் என்றாள்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. வீட்டில் அந்தப் பெண் தலை குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாளாம். ஸ்டேட்டஸ் நின்றுபோனது. மறைத்துவிட்டாளா, எழுதுவதையே விட்டுவிட்டாளா, கண்டுபிடிக்க வழியில்லை. போன் அதைச் சொல்வதில்லை. இவள் வகுப்புக்கு வந்தாள், ஆனால் எதையும் படிக்கக் கொண்டுவரவில்லை. பழைய பாடத்தையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம், இவளை எழுதவிட்ட என்மேலும் கோபம். ஆனால் என்னை விடாமல் அரித்தது இன்னொன்று: அவள் அங்கே என்ன எழுதிக்கொண்டிருப்பாள்? யாரென்றே தெரியாத ஒரு பிள்ளையின் குரல் நின்றுபோனால் இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் இவள் கிளினிக்கில் இருந்தபோது நாத்தனாரிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் வகுப்புக் குழுவில் வந்த மெசேஜைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே: mathini ithu ena. app la potta onum varala

படத்தில் இருந்தது பம்பாய் ஹிந்தி, அதுவும் பிள்ளைகள் எழுதுகிற பம்பாய் ஹிந்தி: sb canteen aa rele h, tu b aa na yaar, hamesha bhag jati h

மொழிபெயர்க்கிற ஆப்புக்கு ‘ஆ ரேலே’ எங்கே தெரியும்? எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அது இல்லை. hai என்பதை h என்று எழுதினால் இந்த ஊரில் பிறந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு படிப்பார்கள். இவள் ஒரு நிமிஷத்தில் பதில் போட்டாள். ‘எல்லாரும் கேன்டீன் வராங்க, நீயும் வா, எப்பவும் ஓடிப் போயிடுற’ என்று. ‘யாருக்கு எழுதினது?’ என்று அவள் கேட்டாள். ‘உனக்குத்தான்’ என்றாள் இவள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் பெண் தன் போனை இவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். கல்லூரி சேர்ந்ததிலிருந்து வந்த குழு மெசேஜ்கள் எல்லாம் இருந்தன. இவள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். யாரோ பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிராக்டிகலுக்கு என் கூடச் சேர்ந்துக்கோ என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். மழை நாளில், ஸ்டேஷன் பக்கம் தண்ணீர், எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று இன்னொருத்தி. எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள். அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தாளாம். ரொம்பத் திமிர் பிடித்தவள் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

"அழுதாளா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். ‘ஏன் மதினி, என்னைய கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்திருக்காவளா’ன்னு கேட்டா. நான்தான் அழுதேன்."

இத்தனை நாள் அந்தப் பெண் எழுதியதைப் படிக்க நாங்கள் இருவர் தலையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கும் அதே வியாதி, எதிர்ப்பக்கத்திலிருந்து. அவளுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டத்தான் ஆளில்லை.

அதற்கப்புறம் தினமும் ஒரு படமாவது வந்தது. kl lec h kya என்றால் நாளைக்கு லெக்சர் உண்டா. scene kya h என்றால் என்ன திட்டம். பதிலுக்கு என்ன போட வேண்டும் என்று அவள் கேட்பாளாம். இவள் எழுதித் தர மாட்டாளாம். ‘நீ உன் மாதிரி எழுது, அவங்க புரிஞ்சுப்பாங்க’ என்பாளாம். அந்தப் பாடத்தை என்னிடம்தான் கற்றாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது, போகிற டிக்கெட் மட்டும். திரும்புவதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒவ்வொரு வகுப்பிலும் அவள் நகத்தைக் கடிப்பதில் தெரிந்தது. நான் இரண்டு தடவை கேட்டுவிடலாமே என்று சொல்லி முறைப்பு வாங்கினேன்.

பண்டிகைக்கு முந்தின கடைசி வகுப்பில் நாங்கள் ‘வந்துட்டு போறேன்’, ‘போய்ட்டு வரேன்’ பழகிக்கொண்டிருந்தோம். மேஜைமேல் போன் அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திருப்பினாள்.

அதில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. விட்ட எழுத்து, தின்ற எழுத்து எதுவும் இல்லாமல், நிறுத்தி நிதானமாக, இவளுக்குப் புரிய வேண்டும் என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண்.

Mathini, deepavalikku neengalum en kooda oorukku vaareengala? College thirakka munnaadi rendu perum sernthu thirumbi vanthuralaam

மதினி, தீபாவளிக்கு நீங்களும் என் கூட ஊருக்கு வாரீங்களா? காலேஜ் திறக்க முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பி வந்துரலாம். ‘திரும்பி’ என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

கிளினிக்கில் லீவு கேட்க வேண்டும், கணவனிடம் சொல்ல வேண்டும், டிக்கெட் கிடைக்குமா தெரியாது. இதற்கெல்லாம் எப்படி அழகாகப் பதில் எழுதலாம் என்று என் மனசு தன் பாட்டுக்கு வாக்கியம் கோக்க ஆரம்பித்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் அனுப்பியிருந்தாள். போனை வாங்கிப் பார்த்தேன்.

s

ஒற்றை எழுத்து. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.